தாத்தாவின் ஜாதகத்தில் 1108: கொல்லம் ஆண்டைக் கிறிஸ்து ஆண்டாக மாற்றுவது எப்படி?

குடும்ப வரலாறு எழுதி வாருங்கள் என்று மாணவர்களிடம் சொன்னால் பாதிப் பேர் பாட்டியிடம் கேட்ட கதையோடு வருவார்கள். சிலர் மட்டும் பழைய தகரப் பெட்டியைத் திறந்து, மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு ஜாதகத்தையோ பள்ளிச் சான்றிதழையோ கொண்டு வருவார்கள். அதில் பிறந்த ஆண்டு 1108 என்றோ 1096 என்றோ இருக்கும். "சார், தாத்தா ராஜராஜ சோழனுக்குப் பக்கத்து வீடா?" என்று வகுப்பே சிரிக்கும். சிரித்து முடித்ததும் அந்த எண்ணை என்ன செய்வது என்பது நம் வேலை.

அந்த எண் பெரும்பாலும் கொல்லம் ஆண்டு. மலையாள ஆண்டு என்றும் சொல்வார்கள். ஆங்கிலத்தில் எழுதிய தாள்களில் எண்ணுக்குப் பக்கத்தில் எம்.இ. என்ற இரண்டெழுத்து இருக்கும். மலாயாவுக்கு வந்த மலையாளிகள் மட்டும் இதைப் பயன்படுத்தினார்கள் என்று நினைக்க வேண்டாம். நாகர்கோவில், தக்கலை, குழித்துறை, செங்கோட்டைப் பக்கமிருந்து வந்த தமிழர்களின் தாள்களிலும் இதுதான் இருக்கும். அந்த ஊர்கள் எல்லாம் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தன. அங்கே அரசாணை, நீதிமன்றத் தீர்ப்பு, நிலப்பத்திரம், பள்ளிப் பதிவேடு எதுவானாலும் கொல்லம் ஆண்டில்தான் எழுதினார்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் அந்தப் பகுதிகள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. ஆகவே 1930-களில் அங்கே பிறந்து இங்கே தோட்டத்துக்கு வந்த ஒருவர், தமிழ் பேசித் தமிழ் எழுதினாலும், பிறந்த ஆண்டைக் கொல்லத்தில் வைத்திருப்பது இயல்புதான்.

இந்த ஆண்டுக்கணக்கு பழமையானது. கொல்லம் ஆண்டு குறிப்பிடப்பட்டுள்ள பழைய ஆவணமாக மாம்பள்ளிச் செப்பேட்டைச் சொல்வார்கள். அதன் ஆண்டு கொல்லம் 149. அதாவது பத்தாம் நூற்றாண்டு. பழைய ஆவணங்களில் 'கொல்லம் தோன்றி' இத்தனையாவது ஆண்டு என்று எழுதும் வழக்கம் உண்டு. கொல்லம் துறைமுகப் பட்டணம் உருவானதை வைத்து எண்ணத் தொடங்கினார்கள் என்பது ஒரு கருத்து. வேறு கதைகளும் உண்டு. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் தொடக்கம் எப்போது என்பதில் சண்டை இல்லை. கி.பி. 825 ஆகஸ்ட். நமக்கு அது போதும்.

இப்போது கணக்குக்கு வருவோம். 825-இல் தொடங்கியது என்றதும் எல்லாரும் 825-ஐக் கூட்டிவிடுவார்கள். பாதி நேரம் அது தவறு. ஏன் என்று மாணவர்களுக்குப் புரிய வைக்க, முதல் ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கொல்லம் 1 தொடங்கியது 825 ஆகஸ்டில். அப்படியென்றால் தொடங்கிய நாளில் இரண்டுக்கும் வித்தியாசம் 824 தானே? பூஜ்ஜியத்தில் எண்ணத் தொடங்கவில்லை, ஒன்றில் தொடங்கினார்கள். அடுத்த ஜனவரி வந்ததும் கிறிஸ்து ஆண்டு 826 ஆகிவிட்டது. கொல்லம் மட்டும் இன்னும் 1-லேயே நிற்கிறது. அப்போது வித்தியாசம் 825. அடுத்த ஆகஸ்டில் கொல்லம் 2 பிறக்க, மறுபடியும் 824. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இப்படியே ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

ஆகவே ஒரே எண் கிடையாது. ஆண்டுத் தொடக்கமான ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் 31 வரை பிறந்தவருக்கு 824 கூட்ட வேண்டும். ஜனவரி 1 முதல் அடுத்த ஆகஸ்ட் நடுப்பகுதி வரை பிறந்தவருக்கு 825.

மாதத்தைப் பார்க்காமல் ஆண்டை மாற்ற முடியாது என்பது இதிலிருந்தே தெரியும். கொல்லம் ஆண்டின் முதல் மாதம் சிங்கம். அது நம் ஆவணி. கன்னி என்றால் புரட்டாசி, துலாம் என்றால் ஐப்பசி, விருச்சிகம் கார்த்திகை, தனு மார்கழி, மகரம் தை, கும்பம் மாசி, மீனம் பங்குனி, மேடம் சித்திரை, இடவம் வைகாசி, மிதுனம் ஆனி, கர்க்கடகம் ஆடி. ராசிப் பெயர்கள் தெரிந்த மாணவருக்கு இதில் கஷ்டமே இல்லை. தென் திருவிதாங்கூர்த் தமிழ்த் தாள்களில் ஆண்டு மட்டும் கொல்லமாகவும் மாதம் தமிழ்ப் பெயரிலும் இருக்கும். நமக்குச் சித்திரையில் ஆண்டு பிறப்பதால் 'ஆவணி ஆறாவது மாதத்துக்கு முன்னால் வருகிறது, ஆகவே ஆண்டின் நடுப்பகுதி' என்று கை தானாக எண்ணப் போகும். கொல்லத்தில் ஆவணிதான் ஆண்டுப் பிறப்பு, ஆடிதான் கடைசி.

இரண்டு விதியையும் நினைவில் வைக்க நான் வகுப்பில் இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்வேன். ஒன்று, கேரளத்தில் இன்றும் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று சொல்லும் பெருவெள்ளம். கொல்லம் 1099 கர்க்கடகத்தில், அதாவது ஆடியில் வந்தது, 1924 ஜூலை. மூணாறு தேயிலைத் தோட்டங்களுக்கு ஓடிய மலை ரயில் பாதை அந்த வெள்ளத்தில் போனதுதான், திரும்பி வரவே இல்லை. 1099-உடன் 825-ஐக் கூட்டினால் 1924. மற்றொன்று, திருவிதாங்கூரில் எல்லாச் சாதியாருக்கும் கோவிலைத் திறந்துவிட்ட ஆலயப் பிரவேச அறிவிப்பு. சித்திரைத் திருநாள் மகாராஜா 1936 நவம்பர் 12-இல் வெளியிட்டார். கொல்லம் 1112 துலாம், அதாவது ஐப்பசி. 1112-உடன் 824-ஐக் கூட்டினால் 1936. வெள்ளத்துக்கு 825, கோவிலுக்கு 824. சந்தேகம் வரும்போதெல்லாம் இந்த இரண்டையும் போட்டுப் பார்த்தால் விதி தலைகீழாகிவிட்டதா என்று உடனே தெரிந்துவிடும்.

முதல் நிகழ்ச்சியில் இன்னொன்றையும் கவனியுங்கள். மக்கள் '1099' என்று சொல்லவில்லை, '99' என்றார்கள். நாம் '69' என்று சொல்வதைப் போலத்தான். பழைய கடிதங்களிலும் ஜாதகத்தின் மேல் பென்சிலால் எழுதிய குறிப்புகளிலும் இப்படி இரண்டு இலக்கம் மட்டும் இருக்கும். '99-இல் பிறந்தவர்' என்று தாள் சொன்னால் 1899 என்று எடுத்துக்கொண்டு கால் நூற்றாண்டைத் தவறவிடாதீர்கள்.

இத்தனையும் எளிதுதான். சிக்கல் எல்லாம் ஒரே மாதத்தில் குவிந்திருக்கிறது. மார்கழி. ஏனென்றால் ஜனவரி 1 விழுவது மார்கழிக்கு நடுவில். மார்கழி முற்பாதிக்கு 824, பிற்பாதிக்கு 825. மார்கழி 15-க்குள் என்றால் தயங்காமல் 824 கூட்டலாம். 19-க்கு மேல் என்றால் தயங்காமல் 825. இடையில் 16, 17, 18 என்று இருந்தால் அந்த ஆண்டின் பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

ஒரு தாளை எடுத்து முழுசாகவே செய்து பார்ப்போம். பாடத்துக்காக நான் அமைத்த எடுத்துக்காட்டு இது. ஆனால் இப்படித்தான் தாள்கள் இருக்கும். "கொல்லம் 1108-ஆம் ஆண்டு ஆங்கீரச வருஷம் மார்கழி மாதம் 25-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பூர்வபட்சம்" என்று ஜாதகம் சொல்கிறது என வைத்துக்கொள்வோம். பூர்வபட்சம் என்றால் வளர்பிறை. இந்தத் தாத்தாவின் அடையாள அட்டையில் பிறந்த தேதி 25.12.1932. வீட்டில் எல்லாருக்கும் அவர் கிறிஸ்மஸ் அன்று பிறந்தவர். எது சரி?

மார்கழி 25, 19-க்கு மேல். ஆகவே 1108-உடன் 825: 1933. ஆண்டு கிடைத்துவிட்டது. தேதிக்குப் பொங்கலிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்; இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. 1933-இல் தை முதல் நாள் ஜனவரி 14. மார்கழிக்கு 30 நாள் என்றால் மார்கழி 30 ஜனவரி 13-இல் விழும். மார்கழி 25 ஜனவரி 8. மார்கழிக்கு 29 நாள்தான் என்றால் ஒரு நாள் தள்ளி ஜனவரி 9. இரண்டில் எது என்பதைக் கிழமை சொல்லும். 1933 ஜனவரி 8 ஞாயிறு, 9 திங்கள். தாளில் ஞாயிறு இருக்கிறது. ஆகவே 8.1.1933.

இனி அடையாள அட்டைத் தேதிக்கு வருவோம். அது எப்படி வந்தது என்று யூகிப்பது கஷ்டமில்லை. யாரோ ஒரு கிராணி, பாரத்தை நிரப்பும்போது, மார்கழி என்றால் டிசம்பர், 25 என்றால் 25, 1108-உடன் 824 சேர்த்தால் 1932 என்று எழுதியிருப்பார். நாட்காட்டியில் தமிழ் மாதத்துக்கு நேராக ஆங்கில மாதம் ஒன்றைப் போட்டுப் பழகிய யாரும் செய்யக்கூடியதுதான். சரி, இதைத் தவறு என்று எப்படி நிரூபிப்பது? கிழமையைப் பார்க்கலாமே என்பீர்கள். பாருங்கள்: 1932 டிசம்பர் 25 என்ன கிழமை? அதுவும் ஞாயிறு!

இது தற்செயல் இல்லை. அந்த வருடம் மார்கழி முதல் நாள் டிசம்பர் 15. அதாவது மார்கழித் தேதிக்கும் அதே எண்ணுள்ள டிசம்பர் தேதிக்கும் சரியாக 14 நாள் இடைவெளி. பதினான்கு நாள் என்றால் இரண்டு வாரம். கிழமை மாறவே மாறாது. மார்கழி 3-ஆக இருந்தாலும் 20-ஆக இருந்தாலும் இதே கதைதான். மாதம் 15-ஆம் தேதி தொடங்கும் எந்த ஆண்டிலும் இந்தத் தவற்றைக் கிழமையால் பிடிக்க முடியாது. மாதம் 14-இலோ 16-இலோ தொடங்கியிருந்தால் கிழமை ஒன்று தள்ளி நின்று காட்டிக்கொடுத்துவிடும். 'கிழமை பொருந்துகிறது, ஆகவே தேதி சரி' என்று முடித்துவிடுகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அது இங்கேதான் காலை வாரிவிடும்.

தமிழ் வருடப் பெயர் உதவுமா? ஆங்கீரச. அறுபது வருடப் பட்டியலைப் பார்த்தால் பக்கத்தில் 1932 என்று போட்டிருக்கும். அடடா, அதுவும் அடையாள அட்டையோடு ஒத்துப்போகிறதே! ஆனால் ஆங்கீரச வருடம் 1932 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1933 ஏப்ரல் நடுவில்தான் முடிகிறது. பட்டியல் அச்சிடுபவர்கள் தொடங்கும் ஆண்டை மட்டும் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். மார்கழிக் கடைசி, தை, மாசி, பங்குனி ஆகியவை அடுத்த கிறிஸ்து ஆண்டில் விழும். ஆகவே ஆங்கீரச என்பது 1932 டிசம்பர் 25-க்கும் பொருந்தும், 1933 ஜனவரி 8-க்கும் பொருந்தும். இரண்டு சாட்சிகள் ஒரே பேச்சு பேசினாலும் இந்தக் கேள்விக்கு அவற்றால் பதில் சொல்ல முடியவில்லை.

மிச்சமிருப்பது நிலா. தாள் வளர்பிறை என்கிறது. 1932 டிசம்பர் 27-ஐ ஒட்டி அமாவாசை. அப்படியானால் 25-ஆம் தேதி தேய்பிறையின் கடைசி நாள்கள். 1933 ஜனவரி 11-ஐ ஒட்டிப் பௌர்ணமி. அப்படியானால் 8-ஆம் தேதி நல்ல வளர்பிறை. முடிந்தது. கிழமையை ஏமாற்றிய அதே 14 நாள் நிலாவை ஏமாற்ற முடியாது, ஏனென்றால் அது கிட்டத்தட்ட அரைச் சுற்று. ஒரு பக்கம் வளர்பிறை என்றால் மறுபக்கம் பெரும்பாலும் தேய்பிறையாகத்தான் இருக்கும். ஜாதகத்தில் நட்சத்திரமும் திதியும் இருந்தால் இன்னும் நல்லது. பழைய தேதிகளுக்கான பௌர்ணமி, அமாவாசைப் பட்டியல் இணையத்தில் கிடைக்கிறது, மாணவர்களே தேடிக்கொள்வார்கள். ஜாதகம் என்றதும் 'அது நம்பிக்கை, வரலாறு அல்ல' என்று ஒதுக்கிவிடும் ஆசிரியர்களும் உண்டு. பலனை ஒதுக்குங்கள். திதியும் பட்சமும் பிறந்த நாளில் எழுதிய வானக் கணக்கு. அதை ஒதுக்கினால் நமக்குத்தான் நஷ்டம்.

இந்தத் தாத்தாவுக்கு நிஜத்தில் மாறியது இரண்டு வாரம்தான். அதே தாளை வேறொருவர், 'மார்கழி 25 என்றால் ஜனவரி 8' என்று தேதியைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு ஆண்டுக்கு மட்டும் 824-ஐக் கூட்டியிருந்தால் 8.1.1932 என்று வந்திருக்கும். ஒரு முழு வருடம் முன்னால். 55 வயதில் ஓய்வு என்றிருந்த காலத்தில் அது ஒரு வருடச் சம்பளம். இந்தத் தவற்றைக் கிழமையே பிடித்துவிடும்: 1932 ஜனவரி 8 வெள்ளிக்கிழமை. ஆகவே கிழமையை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் வேண்டாம். ஆண்டுத் தவற்றை அது பிடிக்கும், மாதப் பெயர்த் தவற்றைச் சில வேளைகளில் கோட்டைவிடும்.

வேறு ஆண்டுக்கணக்கைக் கொல்லம் என்று நினைத்துவிடும் ஆபத்தும் உண்டு. எண்ணைப் பார்த்தாலே ஓரளவு தெரியும். தாத்தா, பாட்டி காலத்துத் தாளில் 1070-க்கும் 1130-க்கும் இடையில் இருந்தால் கொல்லம். 1300-களில் இருந்தால் அது பசலி. சென்னை மாகாணத்து நிலவரிக் கணக்குகளில் வருவது. அது ஜூலை 1-இல் தொடங்கும், கூட்ட வேண்டியது 590 அல்லது 591. 1800-களில் இருந்தால் சக ஆண்டாக இருக்கலாம். ஜாதகத்தின் முதல் வரியில் 'சாலிவாகன சகாப்தம்' என்று சொல்லியே எழுதியிருப்பார்கள். சில ஜாதகங்களில் சகம், கொல்லம், தமிழ் வருடம் மூன்றும் வரிசையாக நிற்கும். அப்போது பயப்பட வேண்டாம், கொண்டாடுங்கள். ஒன்றை வைத்து மற்றதைச் சோதிக்கலாம்.

வட மலபார்க் குடும்பங்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. கண்ணூர்ப் பக்கம் பழைய வழக்கத்தில் ஆண்டு சிங்கத்தில் பிறக்காது, அடுத்த மாதமான கன்னியில்தான் பிறக்கும். அந்தக் கணக்கில் சிங்கம் ஆண்டின் கடைசி மாதமாகிவிடுவதால் அதற்கு 825 கூட்ட வேண்டும். மற்றப் பதினொரு மாதங்களுக்கும் மேலே சொன்னதில் மாற்றம் இல்லை. நாஞ்சில் நாட்டுத் தாள்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

மாணவரின் கட்டுரையில் இதை எப்படி எழுத வைப்பது? மூலத்தில் உள்ளதை அப்படியே முதலில், மாற்றியதை அடுத்து: "கொல்லம் 1108 மார்கழி 25 (8.1.1933)". மாற்றியதை மட்டும் எழுதினால், நாளை வேறொருவர் நம் கணக்கைச் சரிபார்க்க வழியே இருக்காது. அடையாள அட்டைத் தேதி வேறாக இருந்தால் அதையும் குறிப்பிடச் சொல்லுங்கள்: பதிவான பிறந்த தேதி இது, ஜாதகப்படி இது, வேறுபாட்டுக்குக் காரணம் இதுவாக இருக்கலாம். அட்டைத் தேதிதான் சட்டப்படி அவருடைய பிறந்த நாள். அதை நம் பிள்ளைகள் திருத்தப் போவதில்லை. பெயரன் கட்டுரையைப் படித்துவிட்டு, 'இத்தனை வருஷமா தப்பான நாள்ல கேக் வெட்டினோமா?' என்று வீட்டில் கேள்வி எழுந்தால் அதற்கு நாம் பொறுப்பல்ல.

தாளில் ஆண்டு மட்டும் இருந்து மாதம் அழிந்துபோயிருந்தால், ஒற்றை ஆண்டாக எழுத விடாதீர்கள். கொல்லம் 1108 என்றால் 1932–33. அந்தச் சிறுகோடு மாணவருக்குப் பிடிக்காது, தேர்வில் மதிப்பெண் போய்விடுமோ என்று பயப்படுவார். கோடு போட்டதுதான் சரியான விடை.

பயிற்சிக்கு மூன்று. கொல்லம் 1096 ஆடி: ஆண்டின் கடைசி மாதம், 825 கூட்ட 1921. கொல்லம் 1120 ஐப்பசி 10: 824 கூட்ட 1944, அக்டோபர் கடைசி. கொல்லம் 1105 மார்கழி, நாள் தெரியவில்லை: 1929 டிசம்பர் அல்லது 1930 ஜனவரி. மூன்றாவதற்கு 1929 என்றோ 1930 என்றோ ஒற்றை ஆண்டாக விடை எழுதியவரை மட்டும் கூப்பிட்டு, ஏன் என்று கேளுங்கள்.